கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டும். அதில் உங்களுடையது எத்தனை?

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு வீட்டுப் போர் தண்ணீர். குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது. அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, முதலாமாண்டு வேதியியல் ஆய்வகத்தில் மூன்று மாணவர்கள் கடினத்தன்மை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பியூரெட், ஒரே அளவீடுகள், ஒரே சூத்திரம். கடைசியில் ஒருவர் ரெக்கார்டில் 599.789325 என்று இருக்கிறது. அடுத்தவர் 600.64009 என்கிறார். மூன்றாமவருக்கு 602.34162 வந்திருக்கிறது. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு (IS 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு) மொத்தக் கடினத்தன்மைக்கு 200 மி.கி./லி. என்று ஏற்கத்தக்க வரம்பும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 மி.கி./லி. என்று அனுமதி வரம்பும் வைத்திருக்கிறது. அப்படியென்றால் முதல் மாணவர் "வரம்புக்குள் இருக்கிறது" என்று முடிவு எழுதுவார். மற்ற இருவரும் "வரம்பைத் தாண்டிவிட்டது" என்று எழுதுவார்கள். கூட்டல் கழித்தலில் யாரும் தவறவில்லை. ஆனாலும் மூன்று முடிவுமே தவறு. எண்ணில் எத்தனை இலக்கம் எழுதலாம், எந்தக் கட்டத்தில் முழுமைப்படுத்தலாம் என்ற கணக்கில்தான் கோளாறு. அந்த ஒரே அட்டவணையை வைத்து, முக்கிய எண்ணுருக்கள் என்று பிளஸ் ஒன்னில் படித்த விஷயம் ஆய்வகத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

அட்டவணையின் முதல் வரிக்கு முன்

சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பிப்பெட்டில் 20 மி.லி. தண்ணீர் எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுகிறோம். அம்மோனியா தாங்கல் கரைசல் சேர்த்தால் பி.எச். 10 அளவில் நிற்கும். எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை போட்டால் கரைசல் திராட்சைச் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசலை விட்டுக்கொண்டே போனால், கால்சியமும் மக்னீசியமும் முழுக்கப் பிடிபட்ட இடத்தில் சிவப்பு சுத்தமாகப் போய் நீலம் வரும். அங்கே நிறுத்தி, பியூரெட்டைப் படிக்க வேண்டும்.

இங்கே "படிப்பது" என்ற வேலையில்தான் இலக்கங்கள் பிறக்கின்றன. 50 மி.லி. பியூரெட்டில் சிறு கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருக்கும். அதுதான் அதன் மீச்சிற்றளவு. ஆனால் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் பார்த்தால், அது கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா, இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறதா என்று சொல்ல முடியும். கோட்டின் மேல் என்றால் இரண்டாம் தசம இடத்தில் 0. நடுவில் என்றால் 5. ஆக 11.7 என்ற கோட்டுக்கும் 11.8 என்ற கோட்டுக்கும் நடுவில் நின்றால் 11.75 என்று எழுதுகிறோம். 1, 1, 7 ஆகிய மூன்றும் கோடுகள் சொன்னவை, உறுதியானவை. கடைசி 5 நம் கண் சொன்னது, கொஞ்சம் சந்தேகத்துக்குரியது.

உறுதியான இலக்கங்கள் எல்லாம், அவற்றோடு சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு இலக்கம். ஓர் அளவீட்டின் முக்கிய எண்ணுருக்கள் இவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இருக்கும் பூஜ்ஜிய விதிகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், ஆய்வகத்தில் குழப்பம்தான் கிடைக்கும்.

நன்றாகப் பழகிய கைக்கு 11.73 என்றுகூடப் படிக்க வரும். முதலாமாண்டில் அப்படி எழுதினால், அந்த 3 எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்பார், கேட்க வேண்டும். சில ஆய்வகங்களில் ஒரே தசம இடம்தான் எழுதச் சொல்வார்கள். உங்கள் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். ஆனால் ஒரு வரியில் ஓர் இடம், அடுத்த வரியில் இரண்டு இடம் என்று கலக்காதீர்கள்.

காணாமல் போகும் பூஜ்ஜியம்

இப்போது அட்டவணை. குறிப்பேட்டில் இப்படி இருக்க வேண்டும்:

| வ. எண் | தண்ணீர் (மி.லி.) | பியூரெட் தொடக்கம் (மி.லி.) | பியூரெட் இறுதி (மி.லி.) | ஈ.டி.டி.ஏ. (மி.லி.) |
|---|---|---|---|---|
| 1 | 20.0 | 0.00 | 11.75 | 11.75 |
| 2 | 20.0 | 11.75 | 23.55 | 11.80 |
| 3 | 20.0 | 23.55 | 35.30 | 11.75 |

மாணவர்களின் ரெக்கார்டில் இது பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். முதல் வரியில் தொடக்கம் "0" என்று இருக்கும். இரண்டாம் வரியில் கடைசிக் கட்டத்தில் "11.8" இருக்கும். மூன்றாம் வரியில் இறுதி அளவீடு "35.3" ஆகியிருக்கும். ஏன் என்று பார்த்தால், கால்குலேட்டரில் 23.55 − 11.75 போட்டால் திரையில் 11.8 என்றுதான் வரும். கடைசிப் பூஜ்ஜியத்தைக் காட்டுவது அதன் வேலை இல்லை. அதற்கு அது வெறும் எண், உங்களுக்கு அது அளவீடு.

11.8 என்றும் 11.80 என்றும் எழுதுவது இரண்டு வேறு கூற்றுகள். 11.8 என்றால் "இரண்டாம் தசம இடத்தை நான் பார்க்கவில்லை" என்று பொருள். 11.80 என்றால் "பார்த்தேன், மட்டம் கோட்டின் மேலேயே நின்றது" என்று பொருள். நீங்கள் குனிந்து, கண்ணை நேராக வைத்துப் படித்த வேலையை அந்த ஒரு பூஜ்ஜியம்தான் சாட்சி சொல்கிறது. சவுகார்பேட்டையில் நகைக்கடைத் தராசில் ஒரு சவரன் வைத்தால் 8.000 என்று காட்டும். கடைக்காரர் அதை மறைத்துவிட்டு "எட்டு கிராம்மா" என்று வாயால் மட்டும் சொன்னால் எந்த அம்மாவும் விடமாட்டார். மூன்று பூஜ்ஜியத்துக்கும் காசு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதே கண்ணோடு பியூரெட் அட்டவணையைப் பாருங்கள்.

தொடக்க அளவீடு 0.00 என்பதும் ஓர் அளவீடுதான். புனலை எடுத்துவிட்டு, காற்றுக்குமிழியை வெளியேற்றி, மட்டத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அதை "0" என்று எழுதினால் கழித்தலின் விதிப்படி விடைக்குத் தசம இடமே கிடையாது. கூட்டல், கழித்தலில் எந்த எண்ணுக்குத் தசம இடங்கள் மிகக் குறைவோ, விடைக்கும் அத்தனை இடம்தான். 11.75-லிருந்து 0-வைக் கழித்தால், எழுதியபடி பார்த்தால், 12 என்றுதான் வர வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை. 0.00 என்று எழுதிவிட்டால் அந்த முரண்பாடும் இல்லை.

பிப்பெட் 20 மி.லி. என்று மட்டும் எழுதினால், அந்தப் பூஜ்ஜியம் அளவிடப்பட்டதா, இடம் நிரப்ப வந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஒரே கோடு போட்ட 20 மி.லி. பிப்பெட்டின் அனுமதிப் பிழை ஏ வகுப்புக்கு 0.03 மி.லி., பி வகுப்புக்கு 0.06 மி.லி. ஆகவே 20.0 என்று தயங்காமல் எழுதலாம். ஏ வகுப்பு என்றால் 20.00 என்பதும் வழக்கம். அளவுசாடியில் எடுத்திருந்தால் இந்த உரிமை உங்களுக்குக் கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பியூரெட்டின் முனையிலிருந்து விழும் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. மேலே உள்ள அட்டவணையில் 11.75-க்கும் 11.80-க்கும் உள்ள வேறுபாடு சரியாக ஒரு துளி. நீலம் வந்துவிட்டதா இல்லையா என்று தயங்கி இன்னொரு துளி விட்டாலே அந்த வேறுபாடு வந்துவிடும். இயல்பான விஷயம். ஆனால் "மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அழகு" என்று 11.80-ஐ அடித்து 11.75 ஆக்கும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தவரின் அட்டவணையில் இரண்டாம் வரி 11.75, 23.55, 11.75 என்று இருக்கும்; கழித்துப் பார்ப்பவர் அங்கேயே பிடித்துவிடுவார். தப்பாகப் படித்துவிட்டீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், பழைய எண் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள்.

மூன்று மாணவர்கள், மூன்று விடை

கணக்கின் சூத்திரம் இது. இதில் H கடினத்தன்மை, V ஈ.டி.டி.ஏ.யின் கன அளவு, M அதன் மோலார் செறிவு, 100.09 கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை, v எடுத்த தண்ணீரின் கன அளவு. V, v இரண்டும் மி.லி.யில்.

```
H = V × M × 100.09 × 1000 ÷ v
```

ஈ.டி.டி.ஏ. பாட்டிலில் 0.0102 மோலார் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் போட்டால், V-யை 51.0459 என்ற எண்ணால் பெருக்கினால் போதும் என்று வருகிறது.

முதல் மாணவர் இரண்டு முறை ஒத்துவந்த 11.75-ஐ எடுத்துக்கொண்டார். விடை 599.789325. இரண்டாமவர் மூன்றின் சராசரியை எடுத்தார். 35.30-ஐ 3-ஆல் வகுத்தால் 11.76666… என்று ஓடும். அதைக் கால்குலேட்டரிலேயே விட்டுப் பெருக்கினார். விடை 600.64009. மூன்றாமவரும் சராசரிதான் எடுத்தார். ஆனால் "ஒரு தசம இடம் போதும்" என்று நடுவிலேயே 11.8 ஆக்கிவிட்டுப் பெருக்கினார். விடை 602.34162.

மூன்றாமவரின் தவறு தனி வகை, அதை முதலில் எடுத்துக்கொள்வோம். இடையில் முழுமைப்படுத்துவதால் வரும் பிழை இது. 11.7667-ஐ 11.8 ஆக்கியபோது கூடியது 0.033 மி.லி. தான், ஒரு துளிக்கும் குறைவு. ஆனால் 51-ஆல் பெருக்கியபோது அது 1.7 மி.கி. ஆகிவிட்டது. கண்ணும் கையும் செய்யாத பிழையை இவர் பேனாவால் செய்திருக்கிறார். அட்டவணையில் சராசரியைக் காட்டும்போது 11.77 என்று எழுதலாம், அது சரியான முறை. ஆனால் அடுத்த கணக்குக்குக் கால்குலேட்டரில் நிற்கும் முழு எண்ணையே கொண்டுபோங்கள். கையால் கணக்கிடுகிறீர்கள் என்றால், தேவையானதைவிட ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரே ஒரு முறை முழுமைப்படுத்துங்கள். 11.77 வைத்தே பெருக்கினாலும் 600.81 வருகிறது, இரண்டாமவரின் விடையிலிருந்து அதிகம் விலகவில்லை. 11.8 வைத்ததால்தான் விலகிற்று.

இதே குடும்பத்தில் இன்னொரு தவறு உண்டு: படிப்படியாக முழுமைப்படுத்துவது. 11.747-ஐ ஒரு தசம இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் 11.75 ஆக்கி, பிறகு 11.8 ஆக்குவார்கள். நேரடியாகப் பார்த்தால் 11.747 என்பது 11.7-க்குத்தான் பக்கம். எப்போதும் மூல எண்ணிலிருந்து ஒரே தாவல்.

சரியாக 5-ல் முடிந்தால் என்ன செய்வது என்பது முதலாமாண்டில் எல்லோரும் சண்டை போடும் இடம். பிளஸ் ஒன் பாடப்படி, 5-க்கு முந்தைய இலக்கம் இரட்டைப்படை என்றால் அப்படியே விட வேண்டும், ஒற்றைப்படை என்றால் ஒன்று கூட்ட வேண்டும். 11.65 என்பது 11.6 ஆகும், 11.75 என்பது 11.8 ஆகும். எப்போதும் மேலே ஏற்றினால், நிறைய அளவீடுகளைச் சேர்க்கும்போது சராசரி மெல்ல மேலே நகர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 5-க்குப் பிறகு பூஜ்ஜியம் அல்லாத ஏதாவது ஓர் இலக்கம் இருந்தால் இந்த விதிக்கு வேலையே இல்லை. அது பாதிக்கு மேல், ஏற்ற வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால், இந்த விவாதத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக் காணாமல் போகும் பூஜ்ஜியத்துக்குக் கொடுத்தால் ரெக்கார்டு இன்னும் நன்றாக இருக்கும்.

விடைக்கு எத்தனை இலக்கம்?

இப்போது முதல் இருவருக்கு வருவோம். பெருக்கல், வகுத்தலில் விதி மாறுகிறது. இங்கே தசம இடங்களை எண்ணுவதில்லை, முக்கிய எண்ணுருக்களை எண்ணுகிறோம். எந்த எண்ணுக்கு அவை மிகக் குறைவோ, விடைக்கும் அத்தனைதான்.

சூத்திரத்தில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 11.75-க்கு நான்கு. 100.09-க்கு ஐந்து, நடுவில் மாட்டிக்கொண்ட பூஜ்ஜியங்களும் கணக்கில் சேரும். 20.0-க்கு மூன்று. 1000 என்பது ஒரு லிட்டரில் உள்ள மில்லிலிட்டர். அது அளந்து வந்த எண் இல்லை, வரையறை. அதற்கு எல்லையில்லாத இலக்கங்கள் இருப்பதாகவே கொள்ள வேண்டும். சராசரிக்கு வகுத்த 3-ம் அப்படித்தான், மூன்று முறை செய்தோம் என்பதில் என்ன சந்தேகம்? இதைக் கவனிக்காமல் "3-க்கு ஒரே இலக்கம், ஆகவே விடைக்கும் ஒன்று" என்று எழுதி வருபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

மிச்சம் 0.0102. இங்கே முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்கள் புள்ளி எங்கே என்று காட்ட மட்டும் வந்தவை. லிட்டருக்கு 10.2 மில்லிமோல் என்று அலகை மாற்றி எழுதினால் அவை மறைந்துவிடும். அலகை மாற்றினால் மறைகிற பூஜ்ஜியம் முக்கிய எண்ணுரு அல்ல. ஆக 1, 0, 2 என்று மூன்று.

குறைந்தது மூன்று. எனவே முதல் மாணவரின் 599.789325 என்பது 600. இரண்டாமவரின் 600.64009 என்பது 601. கால்குலேட்டர் தந்த ஒன்பது இலக்கத்தில் ஆறு குப்பை.

ஆனால் முதல் மாணவருக்கு இங்கே ஒரு சிக்கல். 600 என்று எழுதினால், பார்ப்பவர் அதில் ஒன்று முக்கியமா மூன்றும் முக்கியமா என்று எப்படி அறிவார்? புள்ளியில்லாத எண்ணின் வால் பூஜ்ஜியங்கள் இப்படி மௌனமாகவே இருக்கும். அதனால் 6.00 × 10² மி.கி./லி. என்று எழுதுவது நல்லது. அடுக்கு வடிவம் பிடிக்கவில்லை என்றால் அலகை மாற்றி 0.600 கிராம்/லி. என்று எழுதலாம். இரண்டிலும் மூன்று இலக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது.

சீட்டில் 0.0102-க்குப் பதில் வெறுமனே "0.01 மோலார்" என்று இருந்தால் நிலைமை மோசம். அதற்கு ஒரே ஓர் இலக்கம்தான், விதிப்படி விடைக்கும் ஒன்றுதான். பல நேரங்களில் கரைசல் சரியாகத்தான் தயாரிக்கப்பட்டிருக்கும், சீட்டு எழுதியவர் சோம்பல்பட்டிருப்பார். ஆய்வக உதவியாளரிடம் எவ்வளவு உப்பு நிறுத்தினார்கள், தரப்படுத்தினார்களா என்று கேளுங்கள். ஈ.டி.டி.ஏ. இரு சோடிய உப்பின் மோலார் நிறை, இரு மூலக்கூறு நீரோடு சேர்த்து, 372.24. இரண்டு தசமத் தராசில் 3.80 கிராம் நிறுத்து ஒரு லிட்டருக்குக் கரைத்தால் 0.0102. நான்கு தசமத் தராசில் 3.7983 கிராம் என்று நிறுத்தியிருந்தால் 0.01020 என்று நான்கு இலக்கம் எழுதும் தகுதி நிறுத்தலுக்கு வந்துவிடும். அட்டவணையில் எழுதும் இலக்கம் இப்படி அலமாரியில் உள்ள தராசு வரைக்கும் போய் நிற்கிறது.

600-க்கு உள்ளேயா, வெளியேயா?

முக்கிய எண்ணுரு விதி ஒரு தோராய விதி. அது எங்கே சறுக்கும் என்பதற்கும் இதே கணக்கு நல்ல சாட்சி. 0.0102-ல் கடைசி இலக்கம் ஒன்று கூடலாம், குறையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.0101 என்றால் இரண்டாமவரின் விடை 595. 0.0103 என்றால் 607. அதாவது 102-ல் ஒன்று என்பது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று, 600-ல் நூற்றுக்கு ஒன்று ஆறு. விடையை 601 என்று மூன்று இலக்கத்தில் எழுதும்போது, "கடைசி 1-ல் மட்டும்தான் சந்தேகம்" என்று சொல்வதுபோல் தோன்றுகிறது. நிஜத்தில் சந்தேகம் ஆறு வரை போகிறது. விதி கொஞ்சம் அதிகமாகவே வாக்குக் கொடுத்துவிட்டது.

பியூரெட்டின் பங்கு இதைவிடச் சிறியது. ஒரு துளி, அதாவது 0.05 மி.லி., 2.6 மி.கி.க்குச் சமம். பி வகுப்புப் பிப்பெட்டின் 0.06 மி.லி. ஏறக்குறைய 1.8 மி.கி.க்குச் சமம். மூன்றையும் சேர்த்து, 601 ± 7 மி.கி./லி. என்று எழுதலாம். (தனித்தனிச் சதவீதங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 7 வரும்; அந்த முறை உங்களுக்குப் பிறகு வரும்.) பிழை எண்ணை 6.7213 என்றெல்லாம் இழுக்கக் கூடாது. ஓர் இலக்கம் போதும், அது 1 ஆக இருந்தால் இரண்டு வைக்கலாம். விடையின் கடைசி இலக்கமும் பிழையின் கடைசி இலக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 600.64 ± 7 என்று எழுதினால் அது காசிமேட்டில் கூடைக் கணக்கில் வாங்கிய மீனுக்கு மில்லிகிராமில் எடை சொல்வதுபோல.

ஆக, இந்தத் தண்ணீர் 594-க்கும் 608-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. வரம்பு 600. உள்ளே என்றும் சொல்ல முடியாது, வெளியே என்றும் சொல்ல முடியாது. முதல் மாணவர் 599.789 என்பதைப் பார்த்து "0.211 குறைவு, தப்பித்தது" என்று எழுதியிருந்தால், ஒரு துளியின் பன்னிரண்டில் ஒரு பங்கை வைத்துக் குடிநீரைப் பற்றித் தீர்ப்பு சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் எதைத் திருத்தினால் பயன் உண்டு என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. 20 மி.லி.க்குப் பதில் 50 மி.லி. தண்ணீர் எடுத்தால் ஈ.டி.டி.ஏ. 29.4 மி.லி. அளவுக்கு இறங்கும். துளி அதேதான், ஆனால் 29.4-ல் ஒரு துளி என்பது 11.75-ல் ஒரு துளியைவிட மிகச் சிறிய பங்கு. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு 0.0102-ஐ அப்படியே வைத்திருந்தால் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் பெரும்பங்குச் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது. முதலில் கரைசலை ஒழுங்காகத் தரப்படுத்தி நான்கு இலக்கம் வாங்க வேண்டும்.

கழித்தலில் இன்னும் பெரிய இழப்பு

அதே தண்ணீரில் மொத்தக் கரைதிண்மம் பார்க்கச் சொன்னால், இழப்பு இன்னும் கண்கூடாகத் தெரியும். 50.0 மி.லி. தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வற்றவைத்து, முன்னும் பின்னும் நிறுக்கிறோம். இரண்டு தசமத் தராசில் காலிக் கிண்ணம் 45.28 கிராம், வற்றிய பிறகு 45.34 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நான்கு நான்கு முக்கிய எண்ணுருக்கள். கழித்தால் 0.06 கிராம், ஒரே ஒன்று. நான்கு கொண்டுவந்து மூன்றை இழந்துவிட்டோம். லிட்டருக்கு 1200 மி.கி. என்று கால்குலேட்டர் சொல்லும், நீங்கள் எழுத முடிந்தது 1 × 10³ மட்டும். அதே கிண்ணம் நான்கு தசமத் தராசில் 45.2817, பிறகு 45.3442 என்று வந்திருந்தால் வித்தியாசம் 0.0625, விடை 1.25 × 10³ மி.கி./லி. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கும் எந்தச் சோதனையிலும் தராசை முதலில் பாருங்கள்.

எக்செல்லில் அடிக்கும்போது

ரெக்கார்டைக் கணினியில் தயாரிக்கச் சொன்னால் பழைய பிசாசு மறுபடி வரும். கட்டத்தில் 11.80 என்று அடித்து எண்டர் தட்டினால் 11.8 ஆகிவிடும். அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, Format Cells-க்குப் போய், Number என்பதில் Decimal places-ஐ 2 ஆக்குங்கள். தசமப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும், வித்தியாசமான இலக்கம் இருந்தால் கண்ணில் குத்தும். அலகைத் தலைப்பில் ஒரு முறை எழுதினால் போதும், ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம். கட்டத்துக்குள் "மி.லி." என்று சேர்த்து அடித்தால் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, சராசரியில் சேர்க்காது.

காட்டுவதைக் குறைப்பது வேறு, எண்ணையே வெட்டுவது வேறு. Format Cells செய்வது முதல் வேலை. உள்ளே முழு எண் அப்படியே இருக்கும். `ROUND` செய்வது இரண்டாவது. ஆகவே நடுக் கணக்குகளில் `ROUND` போடாதீர்கள், கடைசி விடையில் மட்டும் போடுங்கள்:

```
E5: =AVERAGE(E2:E4)
E6: =E5*0.0102*100.09*1000/20
E7: =ROUND(E6,0)
```

E5-ல் திரையில் 11.77 தெரியும், ஆனால் E6 உள்ளே இருக்கும் முழு எண்ணைத்தான் எடுக்கும். E7-க்கு மட்டும் Decimal places-ஐ 0 ஆக்கினால் அதில் 601 வரும். எக்செல்லின் `ROUND` சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் பூஜ்ஜியத்திலிருந்து விலக்கித்தான் தள்ளும், 2.5 என்றால் 3. பிளஸ் ஒன் விதிப்படி 2 வர வேண்டும். உங்கள் துறை இரட்டைப்படை விதியைக் கேட்டால், அப்படிப்பட்ட கட்டத்தைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். 600.64 போன்ற எண்களில் இந்தப் பிரச்சினையே வராது.

இனி முடிவு எழுதும் வரி. தண்டையார்பேட்டைத் தண்ணீருக்கு, நம் மூன்று மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சேர்ந்து எழுதினால் அது இப்படி இருக்கும்: "தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக, 601 ± 7 மி.கி./லி. (மூன்று தரம்பார்த்தல்களின் சராசரி, ஈ.டி.டி.ஏ. 0.0102 மோலார்). ஏற்கத்தக்க வரம்பான 200-ஐவிடத் தெளிவாக அதிகம். அனுமதி வரம்பான 600-க்கு உள்ளே இருக்கிறதா என்பதை இந்தச் சோதனையால் முடிவு செய்ய இயலவில்லை."